ஏழாம் நாள் ஊசி தவறிவிட்டது, இனி என்ன செய்வது?

"பெப்ரவரி 2, திங்கட்கிழமை பின்னேரம் ரியூசன் விட்டு வரும் வழியில் என் 9 வயது மகனைத் தெருநாய் ஒன்று கெண்டைக்காலில் கடித்தது. மூன்று பல் இறங்கி இரத்தம் வந்தது. வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக் கட்டிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே புண்ணைக் கழுவி, புண்ணைச் சுற்றியும் ஊசி போட்டு, இரண்டு தோளிலும் போட்டார்கள். வியாழக்கிழமை திரும்பவும் போட்டோம். 9ஆம் திகதி போகவேண்டியது, அருவி வெட்டு நேரம் என்பதால் போகவில்லை. இன்று 13ஆம் திகதி. புண் காய்ந்துவிட்டது, பிள்ளை ஓடி விளையாடுகிறான். நாயைப் பிறகு ஒருவரும் காணவில்லை. இவ்வளவு ஊசி போட்டது போதும் என்கிறார் மாமி. போகத்தான் வேண்டுமா? போனால் முதலிலிருந்து போடுவார்களா?"
— ஒரு தாய், ஒட்டுசுட்டான்

அன்புள்ள சகோதரிக்கு,

போகத்தான் வேண்டும். இன்றே போங்கள். இன்று வாகனம் கிடைக்காவிட்டால் நாளைச் சனிக்கிழமை காலையில் முதல் வேலையாகப் போங்கள், திங்கள் வரை வைக்காதீர்கள். முதலிலிருந்து போட மாட்டார்கள். விட்ட இடத்திலிருந்துதான் தொடர்வார்கள். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இதை எழுதுவதும் அதற்காகத்தான். மிச்சத்தை வழியில் பஸ்சில் இருந்து வாசித்தாலும் போதும்.

"திருப்பி முதலிலிருந்து போடுவார்களோ, தாதி ஏசுவாவோ" என்ற பயத்தில்தான் எங்கள் பக்கத்தில் பல பேர் ஒரு தவணையைத் தவறவிட்ட பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் விடுகிறார்கள். நாள் பிந்தினால் ஏற்கெனவே போட்ட ஊசிகள் வீணாகிவிடுவதில்லை. உடம்பு அவற்றை நினைவில் வைத்திருக்கிறது. மகனுக்கு முதல் இரண்டு தவணையும் கணக்கில் இருக்கின்றன. இப்போது போடுவது மூன்றாவது. அதன் பிறகு கடைசித் தவணை ஒன்று. தவணைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அப்படியே காத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிப் போடுவதுதான் வழமை. மகனுக்குக் கடி விழுந்த அன்றே முதல் ஊசி போட்டதால் அந்த நாள் பூச்சியம். அதிலிருந்து 3, 7, 30 என்று எண்ணினால் பெப்ரவரி 5, பெப்ரவரி 9, மார்ச் 4. ஏழாம் நாளுக்கும் முப்பதாம் நாளுக்கும் நடுவே 23 நாள். ஆகவே மூன்றாவது தவணை இன்று போடப்பட்டால் கடைசித் தவணை மார்ச் 8, நாளை போடப்பட்டால் மார்ச் 9. அது நான் போட்ட கணக்கு. பிள்ளையைப் பார்க்கும் வைத்தியர் அட்டையில் எழுதித் தரும் திகதிதான் உங்களுக்குத் திகதி.

சரி, மாமி கேட்பது நியாயமான கேள்வி. புண்ணைச் சுற்றிக் குத்தியது, தோளில் குத்தியது, மூன்று நாளில் திரும்பக் குத்தியது, இவ்வளவும் போதாதா என்று யாருக்கும் தோன்றும். அவருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: புண்ணைச் சுற்றிப் போட்ட மருந்தும் தோளில் போட்ட மருந்தும் ஒன்றல்ல.

புண்ணைச் சுற்றிப் போட்டது சீரம். விசர்நோய்க் கிருமியைப் பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்பொருள், இன்னோர் உடலில், பெரும்பாலும் குதிரையின் உடலில், உண்டாக்கி எடுத்தது. நிறைக்கு ஏற்றபடி கணக்கிட்டுப் போடுவார்கள். குதிரைச் சீரம் என்றால் ஒரு கிலோவுக்கு 40 அலகு, அதாவது 25 கிலோப் பிள்ளைக்கு 1000 அலகு. அதைப் புண்ணுக்குள்ளும் சுற்றிவரவும் ஏற்றுவது ஏன் என்றால், கிருமி அந்த நேரம் அங்கேதான் இருக்கிறது. நரம்புக்குள் ஏற முதலே அதை மடக்க வேண்டும். ஆனால் அது இரவல் பொருள். போட்ட அன்றே வேலை செய்யும், சில வாரங்களில் உடம்பிலிருந்து கரைந்து போய்விடும். அது போன பிறகு மகனுக்கு மிஞ்சுவது அவனுடைய உடம்பே செய்துகொண்ட எதிர்ப்பொருள் மட்டும்தான்.

அதைச் செய்ய வைப்பதுதான் தோளில் போடும் தடுப்பூசி. முதல் தவணை போட்ட உடனே ஒன்றும் நடந்துவிடாது. உடம்பு இந்தக் கிருமியை அடையாளம் கண்டு, எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கி, இரத்தத்தில் அது தென்படவே ஒரு கிழமை போல எடுக்கும், போதிய அளவுக்கு ஏற இரண்டு கிழமை போல ஆகும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் போடுவது, அந்த ஏற்றம் தளர்ந்து போகாமல் திரும்பத் திரும்ப உந்திவிடத்தான். சீரம் போட்ட பிள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரவல் எதிர்ப்பொருள் உடம்பில் நிற்கும்போது தடுப்பூசியின் தூண்டல் கொஞ்சம் மங்கும். "சீரமும் போட்டாச்சு, ஆகவே குறைத்துப் போடலாம்" என்று நினைப்பது தலைகீழ் கணக்கு. சீரம் போட்டவருக்குத்தான் தவணைகள் முழுதாக வேண்டும்.

இப்போது போய் மறுபடி சீரம் கேட்கவும் முடியாது. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்த பிறகு சீரம் போடுவதில்லை. அந்த நேரத்துக்குப் பிள்ளையின் சொந்த எதிர்ப்பொருள் தலைகாட்டத் தொடங்கியிருக்கும், இரவல் அதைக் குழப்பும். ஆகவே இனி மகனைக் காப்பது தோள் ஊசி மட்டும்தான்.

அந்தத் தோள் ஊசியைப் பார்த்தும் சிலருக்குச் சந்தேகம் வருகிறது. இவ்வளவு சின்ன ஊசி, சொட்டளவு மருந்து, இது விசர்நோயை நிறுத்துமா என்று. ஒரு இடத்தில் போடுவது 0.1 மில்லிலீட்டர். அதைத் தசைக்குள் போடாமல் தோலின் நடுப்படைக்குள் போடுகிறார்கள். நோய் எதிர்ப்புக்கான கலங்கள் தோலில் அடர்த்தியாக இருப்பதால் அங்கே கொஞ்ச மருந்தே போதும். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்: ஊசி போகும்போது தோல் வெளிறி, நுளம்பு கடித்த தடிப்புப் போல ஒரு சின்னக் கொப்புளம் எழும்பும், தோடம்பழத் தோல் மாதிரிக் குழிகுழியாகத் தெரியும். அது எழும்பினால்தான் மருந்து சரியான இடத்தில் நிற்கிறது. எழும்பாவிட்டால் ஆழமாகப் போய்விட்டது என்று பொருள், பக்கத்தில் திரும்பப் போட வேண்டிவரும். அதற்காகத் தாதியோடு கோபிக்க வேண்டாம், அவர் சரியாகத்தான் செய்கிறார். அந்த இடத்தைத் தேய்க்கவோ அமத்தவோ வேண்டாம்.

நாள் குறித்து வரச் சொல்வதற்கும் இந்தச் சின்ன அளவுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஒரு குப்பியைத் திறந்தால் பல பேருக்குப் போடலாம். திறந்த குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் 6 முதல் 8 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டியதுதான். ஆகவே சிறிய வைத்தியசாலைகளில் எல்லா நேரமும் இந்த ஊசி இருக்காது. புறப்பட முதல் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். மகனுக்கு முதல் ஊசி போட்ட இடம் தூரம் என்றால், ஊசி இருக்கும் வேறு அரச வைத்தியசாலையிலும் போடலாம், அட்டை கையில் இருந்தால் போதும். வெளிநோயாளர் பிரிவு மூடியிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். போனதும் "9ஆம் திகதி வரவில்லை" என்று நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். மறைத்தால் அட்டையில் கணக்குப் பிழைக்கும்.

அட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு கிராமத்து வைத்தியசாலையில் இருந்தேன். கையில் நாய்க்கடியோடு வந்த ஒரு ஐயாவுக்கு மூன்றாம் நாள் ஊசி போட்டுவிட்டு, "இனி அடுத்த கிழமை வாங்கோ" என்று வாயால் சொல்லி அனுப்பினேன். அட்டையில் திகதி எழுதவில்லை. அவர் வயல் அலுவல்களை முடித்துக்கொண்டு, கடித்துப் 12ஆம் நாள் வந்து நின்றார். அவருக்கு அதுவும் அடுத்த கிழமைதான். அவர் தப்பினார், நாயும் பக்கத்து வீட்டு நாய், பிறகும் உயிரோடு திரிந்தது. ஆனால் அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அன்றிலிருந்து திகதியையும் கிழமையையும் சேர்த்து எழுதி, கூட வந்தவரைக் கொண்டு ஒருதரம் வாசிப்பித்த பிறகுதான் அட்டையைக் கொடுக்கிறேன். நீங்களும் அப்படிக் கேட்டு எழுதுவியுங்கள். "ஏழாம் நாள்" என்பதை வீட்டில் எண்ணினால் கடித்த நாளை ஒன்றாக வைத்து எண்ணிவிடுவோம், ஒரு நாள் முந்திவிடும். "முப்பதாம் நாள்" பெரும்பாலும் "ஒரு மாதம்" ஆகி, பிறகு "அடுத்த மாதம் எப்போதாவது" ஆகிவிடும். அந்தக் கடைசித் தவணைக்குத்தான் வருவோர் குறைவு. புண் ஆறி, தழும்பும் மங்கி, எல்லாரும் மறந்துபோகும் நேரம் அது.

புண் காய்ந்ததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தோல் மூடியது நல்லதுதான், ஆனால் அது கிருமியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. விசர்நோய்க் கிருமி இரத்தத்தில் ஓடிப் பரவுவதில்லை. கடித்த இடத்துத் தசையில் சில காலம் தங்கி, அங்கே உள்ள நரம்பு நுனியைப் பிடித்து, அந்த நரம்பு வழியே மெதுவாக முள்ளந்தண்டுக்கும் மூளைக்கும் ஏறுகிறது. ஏறும் காலம் முழுவதும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. பசிக்கும், விளையாடுவான், பள்ளிக்கூடம் போவான். கடித்ததிலிருந்து நோய் தெரிய பெரும்பாலும் 1 முதல் 3 மாதம், சிலருக்குச் சில கிழமை, அருமையாக ஒரு வருடத்துக்கும் மேல். முகத்தில், கழுத்தில், கையில் கடித்தால் பாதை குறுகியது. காலில் கடித்தால் நீளம். அந்த நீளம் எங்களுக்குக் கிடைத்த நேரம், ஊசியின் வேலை முடிய உதவும் நேரம். "காலில்தானே" என்று ஊசியை விட்டால் அந்த நேரத்தைக் கிருமிக்குக் கொடுத்துவிடுகிறோம். கடித்த இடத்தில் இனம் தெரியாத அரிப்பு, விறைப்பு, எரிவு, காய்ச்சல், பிறகு தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுவது என்று தொடங்கிவிட்டால், அதன் பிறகு எந்த ஊசியும் எந்த ஆஸ்பத்திரியும் காப்பாற்றுவது ஏறக்குறைய நடவாத காரியம். பயமுறுத்த எழுதவில்லை. இப்போது மகனுக்கு இந்த அறிகுறி எதுவும் இல்லை, ஊசிக்கு இடம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாயைக் காணவில்லை என்பதும் கணக்கை மாற்றுகிறது. எச்சிலில் இந்தக் கிருமி வந்துவிட்ட நாய் பத்து நாள் போலவே உயிரோடிருக்கும். அதனால்தான் கடித்த நாயைக் கட்டிவைத்து, இலங்கையில் 14 நாள், கவனிக்கச் சொல்கிறோம். அத்தனை நாளும் அது நன்றாகச் சாப்பிட்டு நடமாடினால், மிச்ச ஊசி வேண்டுமா என்று வைத்தியர் யோசிக்க இடம் உண்டு. அந்த முடிவும் அவருடையது, வீட்டில் எடுப்பதல்ல. உங்கள் மகனுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. காணாமல் போன நாயை விசர்நாய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். "கடிக்கும்போது நாய் நல்லாத்தான் இருந்தது" என்பதும் உதவாது. வாயில் நுரை தள்ள, வாய் கோணச் சில நாள் முதலே எச்சிலில் கிருமி வந்துவிடும்.

இனி அந்த மஞ்சளும் சுண்ணாம்பும். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் கழுவிவிட்டார்கள், அது முடிந்தது. காய்ந்த புண்ணை இப்போது கிண்டிக் கழுவ வேண்டியதும் இல்லை. ஆனால் வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கலாம், அயலில் பிள்ளைகள் இருப்பார்கள், அதனால் சொல்கிறேன். இந்தக் கிருமியின் மேலே ஒரு கொழுப்புப் போர்வை இருக்கிறது. சவர்க்காரம் எண்ணெய்ச் சட்டியை வெளுக்கிற மாதிரியே அந்தப் போர்வையைக் கரைத்துவிடும், போர்வை போனால் கிருமி செத்தது. உடுப்புத் தோய்க்கிற கட்டிச் சவர்க்காரமே போதும். மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். குழாய்க்கிணற்றடிக்குக் கொண்டுபோய் ஒருவர் பம்ப் அடிக்க, மற்றவர் சவர்க்காரம் போட்டு, 15 நிமிடம் முழுதாக ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது அழுகிற பிள்ளையோடு மிக நீண்ட நேரம். இரண்டு நிமிடத்தில் "போதும், பாவம்" என்று நிறுத்திவிடுவோம், ஆகவே ஒருவர் கைபேசியில் நேரம் பார்க்கட்டும். நாய்ப் பல் போட்ட துளை வெளியே சின்னதாய், உள்ளே ஆழமாய் இருக்கும். மேலே தேய்ப்பதைவிட, துளைக்குள்ளே நுரையும் தண்ணீரும் போய் வெளியே வரும்படி காலைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பதுதான் முக்கியம். கழுவிய பிறகு அயடீன் கிருமிநாசினி இருந்தால் பூசலாம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உடனே புறப்படுங்கள்.

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய், கள்ளிப்பால் எதுவும் கிருமியைத் தேடிப்போய்க் கொல்லாது. சுண்ணாம்பும் மிளகாயும் சதையை இன்னும் புண்ணாக்கும், மேலே அப்பியது உள்ளே இருந்ததைக் கழுவ விடாது. இறுக்கிக் கட்டுவதும் கூடாது, திறந்தபடி விடுங்கள். தையல் போட வேண்டிய காயமா என்பதை ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். முடிந்தவரை உடனே தைக்காமல் விடுவதுதான் வழமை. தைத்தே ஆக வேண்டிய காயம் என்றால் சீரத்தை உள்ளே ஏற்றிய பிறகே தைப்பார்கள்.

கேட்கவில்லை என்றாலும் கேட்க நினைத்திருப்பீர்கள்: முட்டை, மீன், இறைச்சி கொடுக்கலாமா? கொடுங்கள், எந்தப் பத்தியமும் இல்லை. குளிக்க வார்க்கலாம், பள்ளிக்கூடம் போகலாம். தொப்புளைச் சுற்றி ஊசி குத்திய காலத்துக் கதைகளை மாமி வைத்திருப்பார். அந்த மருந்து இப்போது பாவனையில் இல்லை. மகன் வேறு நோய்க்கு ஸ்டீரொயிட் மாத்திரை நாட்கணக்கில் எடுப்பவன் என்றால் அதை மட்டும் ஊசிக்கு முதல் சொல்லிவிடுங்கள், தடுப்பூசி பிடிப்பதை அது குறைக்கும்.

சீரம் போட்ட பிள்ளை என்பதால் இன்னொன்று. குதிரைச் சீரம் போட்டவர்களில் சிலருக்கு ஒன்று, இரண்டு கிழமை கழித்து, அதாவது உங்கள் மகனுக்கு இந்த நாட்களில்தான், காய்ச்சல், தோலில் தடிப்பு, முழங்கால் கணுக்காலில் நோவு வரலாம். அது சீரத்தை உடம்பு கழிக்கிற குழப்பம், விசர்நோய் அல்ல, மருந்து கொடுத்தால் அடங்கும். வந்தால் காட்டுங்கள். அது வந்ததென்று தடுப்பூசியை நிறுத்த வேண்டாம், அது வேறு மருந்து.

அப்புறம், வரும் வழியில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அந்த நாயின் நிறத்தையும் கடித்த இடத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள். ரியூசன் பாதையில் நடக்கிற மற்றப் பிள்ளைகளின் வீட்டிலும் கேளுங்கள்: அன்று அந்த நாய் வேறு யாரையாவது பிராண்டியதா, கட்டியிருந்த மாட்டை, ஆட்டைக் கடித்ததா என்று. சின்னக் கீறல் என்று ஊசியே போடாமல் விட்ட ஒரு பிள்ளை அங்கே இருந்தால், அந்தப் பிள்ளையையும் அதே வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள். 11 நாள் கழித்துப் போனாலும் அந்தப் பிள்ளைக்கு முதல் ஊசி போடுவார்கள்.